துப்பாக்கிக் கப்பலும் பன்னிரண்டு கடல் மைலும்

2017 நவம்பர் 27 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, ‘சீமேன் கார்டு ஓஹியோ’ கப்பலில் பிடிபட்ட 35 பேரையும் விடுதலை செய்தது. அதற்கு ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளுக்கு முன், 2016 ஜனவரி 11 அன்று, தூத்துக்குடி அமர்வு நீதிமன்றம் அதே 35 பேருக்கும் தலா ஐந்தாண்டுக் கடுங்காவலும் அபராதமும் விதித்திருந்தது. இரண்டு நீதிமன்றங்களும் பார்த்தது ஒரே சாட்சியத்தைத்தான். கப்பலில் துப்பாக்கி இருந்ததா என்பதில் அவற்றுக்குள் கருத்து வேறுபாடே இல்லை. அந்தத் துப்பாக்கி எந்தக் கடலில், என்ன காரணத்தால் வந்து சேர்ந்தது என்பதில்தான் தீர்ப்பு புரண்டது.

கப்பல் சியரா லியோனில் பதிவானது. அமெரிக்க நிறுவனம் ஒன்று அதை இயக்கியது. 2013 அக்டோபர் 12 அன்று தூத்துக்குடிக்கு அப்பால் கடலோரக் காவல் படை அதைச் சுற்றி வளைத்துத் துறைமுகத்துக்கு இழுத்து வந்தது. கப்பலில் பத்து மாலுமிகள், இருபத்தைந்து காவலர்கள். பிரிட்டன், எஸ்டோனியா, உக்ரைன் நாட்டவரும் இந்தியரும் அவர்களில் இருந்தனர். 35 துப்பாக்கிகளும் 5,600-க்கு மேற்பட்ட தோட்டாக்களும் கைப்பற்றப்பட்டன. விசாரணை ‘கியூ’ பிரிவுக்குப் போனது. கரையிலிருந்து மீன்பிடிப் படகில் கள்ளத்தனமாக டீசல் போயிருந்ததும் தெரிந்ததால், ஆயுதச் சட்டத்தோடு அத்தியாவசியப் பொருள் சட்டமும் சேர்ந்துகொண்டது.

இத்தனை துப்பாக்கியோடு ஒரு கப்பல் இந்தப் பக்கம் ஏன் திரிந்தது என்பதற்கு ஒரு கோட்டின் கதையைச் சொல்லியாக வேண்டும். சோமாலியக் கடற்கொள்ளை உச்சத்தில் இருந்தபோது, கப்பல் நிறுவனங்களும் காப்பீட்டாளர்களும் இந்தியப் பெருங்கடலில் ‘அதிக ஆபத்துப் பகுதி’ என்று ஒன்றை வகுத்தனர். அதன் கிழக்கு எல்லை 78 பாகை கிழக்குத் தீர்க்கரேகை. தூத்துக்குடியும் ஏறத்தாழ அந்த ரேகையில்தான் இருக்கிறது. சோமாலியாவில் பிறந்த அச்சம், திரேஸ்புரத்து நாட்டுப்படகுகள் வலை வீசும் கடல் வரைக்கும் வரைபடத்தில் நீண்டு வந்திருந்தது. 2015 டிசம்பரில் அந்தக் கோடு 65 பாகைக்கு, அதாவது அரபிக் கடலின் நடுவுக்கு, பின்வாங்கியது.

அந்தக் காலத்தில் கோட்டைத் தாண்டி மேற்கே போன சரக்குக் கப்பல்களில் ஆயுதக் காவலர்கள் ஏறினார்கள். ஆபத்துப் பகுதி முடிந்ததும் இறங்கிக்கொண்டார்கள். துப்பாக்கியோடு துறைமுகத்துக்குள் நுழைய நாடுகள் எளிதில் விடுவதில்லை. ஆகவே ஆளும் ஆயுதமும் கரைக்கு வராமல் கடலிலேயே காத்திருக்க ஒரு கப்பல் வேண்டியிருந்தது. இதற்கு ‘மிதக்கும் ஆயுதக் கிடங்கு’ என்று பெயர். பூட்டிய அறையில் துப்பாக்கிகள், இருப்புப் பதிவேடு, அடுத்த வேலைக்காகப் படுத்துக் கிடக்கும் காவலர்கள். சத்திரமும் கிடங்கும் கலந்த தொழில் இது. எந்த நாட்டின் 12 கடல் மைலுக்குள்ளும் போகாமல் இருப்பதே இத்தொழிலின் முதல் விதி. எரிபொருள் தீர்ந்தால் விதியும் தீர்ந்துவிடும். ஓஹியோவுக்கு நேர்ந்தது அதுதான் என்பது எதிர்த்தரப்பு சொன்ன கதை.

இந்திய அதிகாரிகளின் பதற்றத்துக்கும் காரணம் இருந்தது. 2012 பிப்ரவரியில் ‘என்ரிகா லெக்ஸி’ என்ற இத்தாலியக் கப்பலிலிருந்த கடற்படைக் காவலர்கள், கேரளக் கடலில் இரண்டு மீனவர்களைக் கொள்ளையர் என்று கருதிச் சுட்டுக் கொன்றனர். ஒருவர் கேரளத்தவர், மற்றவர் குமரி மாவட்டத்துக்காரர். அதன் பிறகு துப்பாக்கியோடு வரும் எந்த அந்நியக் கப்பலையும் இந்தக் கரை நம்பவில்லை. சந்தேகம் நியாயமானது. ஆனால் சந்தேகம் சாட்சியமாகாது என்பதை விசாரணைத் தரப்பு கடைசி வரை மறந்திருந்ததாகவே தோன்றுகிறது.

அரசுத் தரப்பு வழக்கின் முதல் கால், இடம். கரையிலிருந்து 12 கடல் மைல், ஏறத்தாழ 22 கிலோமீட்டர், வரையுள்ள கடல் இந்தியாவின் ஆட்சிக்கடல். அதற்குள் உரிமம் இல்லாமல் ஆயுதம் வைத்திருந்தால் அது இந்திய மண்ணில் வைத்திருந்ததற்குச் சமம். இந்தக் கடலின் எல்லை வழக்கு பழையது. கடலடிப் படுகையிலிருந்து சங்கு எடுத்தால் திருட்டா, அந்தக் கடல் யாருடையது என்ற கேள்வி 1904-லேயே சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்திருக்கிறது. கடல் அரசின் எல்லைக்குள்தான் என்று அன்று தீர்ப்பானது. ஆனால் சங்குப் படுகை நகராது. கப்பலுக்குக் காற்றும் நீரோட்டமும் உண்டு.

இரண்டாம் கால், உரிமம். ஆயுதச் சட்டத்தின் 45-ஆம் பிரிவு, கடற்பயணக் கப்பலின் வழக்கமான ஆயுதமாகவோ தளவாடமாகவோ இருப்பவற்றுக்கு அந்தச் சட்டத்திலிருந்தே விலக்குத் தருகிறது. 2014 ஜூலையில் மதுரைக் கிளை இதை எடுத்துக்கொண்டுதான், விசாரணை தொடங்கும் முன்பே ஆயுதக் குற்றச்சாட்டை ரத்து செய்தது. 2015 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அந்த ரத்தைக் கலைத்தது. துப்பாக்கிகள் அந்தக் கப்பலின் வழக்கமான ஆயுதமா, கப்பல் தானே விரும்பி உள்ளே வந்ததா, வேறு வழியின்றி வந்ததா என்பதெல்லாம் சாட்சியத்தால் தீர வேண்டியவை, எனவே விசாரணை நடக்கட்டும் என்றது. இந்த இடத்தில் உச்ச நீதிமன்றம் சொன்னது சரி. விசாரிக்காமல் விட்டிருந்தால் கேள்விகள் கேள்விகளாகவே நின்றிருக்கும்.

அமர்வு நீதிமன்றம் துப்பாக்கியை எண்ணித் தண்டித்தது. மேல்முறையீட்டில் உயர் நீதிமன்றம் கேட்டது வேறு. எல்லையை மீறி ஆயுதம் கொண்டுவரும் எண்ணத்தோடு கப்பல் உள்ளே வந்தது என்பதைச் சந்தேகத்துக்கு இடமின்றி நிறுவும் பொறுப்பு அரசுத் தரப்புடையது. அது நிறுவப்படவில்லை என்று நீதிமன்றம் முடிவு செய்தது. எரிபொருளும் உணவும் தீர்ந்த நெருக்கடியில், புயல் காலத்தில் வந்தது என்ற விளக்கம் அதற்கு ஏற்கத்தக்கதாக இருந்தது. கப்பல் பிடிபட்ட அதே நாளில்தான் பைலின் புயல் ஒடிசாவின் கோபால்பூரில் கரையைக் கடந்தது. புயல் அடித்தது எங்கோ, கப்பல் நின்றது எங்கோ என்று கேட்கலாம்தான். ஆனால் எதிர்த்தரப்பு தன் கதையை முழுக்க மெய்ப்பிக்கத் தேவையில்லை. அது நடந்திருக்கக்கூடியது என்று தோன்றினாலே போதும். ஆபத்தில் சிக்கிய கப்பல் பிற நாட்டுக் கடலில் நிற்பதையும் நங்கூரமிடுவதையும் சர்வதேசக் கடல் சட்டம் தீங்கற்ற கடப்பாகவே கருதுகிறது.

துப்பாக்கிகளைப் பற்றி: வணிகக் கப்பல்களைக் கொள்ளையரிடமிருந்து காக்கவே அவை இருந்தன, அவற்றுக்கு ஆவணங்கள் இருந்தன என்ற வாதம் ஏற்கப்பட்டது. அவற்றை இந்தியாவுக்குள் யாருக்காவது கொடுக்கவோ, கரையில் பயன்படுத்தவோ திட்டம் இருந்ததற்குச் சாட்சியம் இல்லை. டீசல் விஷயம் அரசுத் தரப்புக்கே எதிராகத் திரும்பியது என்று சொல்லலாம். ஆயுதம் கடத்த வந்த கப்பல் படகுக்காரரிடம் பீப்பாய் பீப்பாயாக டீசல் கேட்டு நிற்குமா? எரிபொருள் இல்லாமல் தவித்தது என்ற கதைக்கு அந்தப் படகே சாட்சியானது.

கட்டிய அபராதத் தொகையைத் திருப்பித் தரவும் நீதிமன்றம் உத்தரவிட்டது. பிரிட்டிஷ் காவலர்கள் ஆறு பேரும் புழல் சிறையிலிருந்து வெளியே வந்து, பிடிபட்ட நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு, 2017 டிசம்பரில் ஊர் போய்ச் சேர்ந்தனர்.