கதிர்வீச்சு சிகிச்சையும் தோல் கருகுதலும்: குமரி மாவட்டம்

உயர் ஆற்றல் கதிர்களைப் பாய்ச்சிப் புற்றணுக்களை அழிக்கும் மருத்துவ முறை கதிர்வீச்சு சிகிச்சை. குமரி மாவட்டத்திலும் தமிழகத்தின் பிற பகுதிகளிலும் மக்கள் இதைக் ‘கரண்டு வைப்பது’ என்கிறார்கள். சிகிச்சை தொடங்கும் முன் நோயாளியும் உடன் வந்தவரும் பெரும்பாலும் கேட்பது, “கரண்டு வச்சா உள்ள வெந்து போவுமா?” என்பதுதான். இந்தப் பயத்துக்குக் காரணம் அறியாமை மட்டுமல்ல. அதற்கு ஒரு வரலாறு உண்டு.

வரலாறு

1895-இல் ரான்ட்ஜன் எக்ஸ் கதிரைக் கண்டறிந்தார். 1898-இல் கியூரி தம்பதியர் ரேடியத்தைக் கண்டறிந்தனர். 1901-இல் பெக்கரல் ஒரு ரேடியம் குப்பியைச் சட்டைப் பையில் வைத்திருந்தார், சில நாள் கழித்து அதன் நேர் கீழே தோல் சிவந்து புண்ணானது. கதிர் உடல் திசுவை அழிக்கும் என்பதை மருத்துவ உலகம் தோலில் ஏற்பட்ட புண்களிலிருந்தே கற்றது. கதிரின் அளவைக் காட்டத் தக்க கருவி இல்லாத காலத்தில் தோல் சிவப்பதையே அளவுகோலாகக் கொண்டார்கள்.

குமரி மாவட்டத்தின் பங்கு நெய்யூரில் தொடங்குகிறது. லண்டன் மிஷன் சங்கத்தின் மருத்துவர் ஆர்ச்சிபால்ட் ராம்சே 1838-இல் அங்கு மருத்துவப் பணியைத் தொடங்கினார். 1922 எவரெஸ்ட் பயணத்தை முடித்து இந்தியாவைச் சுற்றிப் பார்க்க வந்த அறுவை மருத்துவர் ஹோவர்ட் சாமர்வெல், நெய்யூரில் நோயாளிக் கூட்டத்தையும் மருத்துவர் பற்றாக்குறையையும் கண்டு அங்கேயே பணிபுரிய முடிவுசெய்தார். அப்போது இப்பகுதி திருவிதாங்கூருடன் இருந்தது. வெற்றிலையும் புகையிலையும் கன்னத்தில் அடக்கும் பழக்கத்தால் வாய்ப்புற்று மலிந்திருந்தது. நெய்யூர் மருத்துவர் ஐயன் ஆர், திருவிதாங்கூரின் வாய்ப்புற்று, அதன் காரணம், சிகிச்சை ஆகியவை பற்றி எழுதிய கட்டுரை 1933-இல் ‘லான்செட்’ இதழில் வந்தது. வெற்றிலை போடுவதற்கும் வாய்ப்புற்றுக்கும் உள்ள தொடர்பு பற்றிய ஆய்வுகளில் இன்றும் மேற்கோள் காட்டப்படும் கட்டுரை அது. தென்னிந்தியாவில் வாய்ப்புற்றுக்கு ரேடியம் வைத்துச் சிகிச்சை அளித்த தொடக்ககால இடங்களுள் நெய்யூரும் ஒன்று.

அக்கால ரேடியம் ஊசி என்பது பிளாட்டினம் உறைக்குள் அடைத்த ரேடியம் உப்பு. அதைக் கட்டிக்குள் செருகிச் சில நாள் விட்டுவைப்பார்கள். சுற்றியுள்ள சதையும் தோலும் புண்ணாகித்தான் ஆறும். அதே காலத்து எக்ஸ் கதிர் இயந்திரங்களோ 200 கிலோவோல்ட் அளவில் இயங்கியவை. அவற்றின் கதிர் தன் உச்ச அளவைத் தோலின் மேல்பரப்பிலேயே இறக்கியது. உள்ளே இருக்கும் கட்டிக்குப் போதிய அளவு சேர வேண்டுமென்றால் தோல் அதைவிட அதிகம் வாங்கியாக வேண்டும். கரண்டு வைத்துத் தோல் கருகியவர்களைப் பற்றிப் பெரியவர்கள் சொல்லும் கதைகளில் உண்மை உண்டு.

பின்னர் வந்த கோபால்ட் கதிரின் உச்ச அளவு தோலுக்குக் கீழே அரை சென்டிமீட்டரில் விழுந்தது. இன்றைய லீனியர் ஆக்சிலரேட்டரில், 6 மெகாவோல்ட் கதிருக்கு, அது ஒன்றரை சென்டிமீட்டர் ஆழத்துக்கு இறங்கிவிட்டது. இதனால் தோலுக்குப் போகும் அளவு குறைந்தது. ஆனாலும் அது இல்லாமல் போகவில்லை.

சூடு உண்டா?

இல்லை. ஒரு நாளைக்குக் கொடுக்கும் 2 கிரே அளவு, உடல் திசுவின் வெப்பத்தை ஒரு டிகிரியில் ஏறத்தாழ 2000-இல் ஒரு பங்கே உயர்த்தும். கதிர் உயிரணுவின் மரபுப்பொருளைச் சேதப்படுத்துகிறது, அவ்வளவுதான். சேதமடைந்த உயிரணு பிரியும்போது மடிகிறது. தோலின் அடி அடுக்கு ஓயாமல் பிரிந்து புதுத் தோலை மேலே அனுப்பிக்கொண்டிருப்பது. அங்கு உற்பத்தி தடைபட்டால், மேல் தோல் தேய்ந்து உதிரும் இரண்டு மூன்று வாரம் கழித்தே அது வெளியே தெரியும். நெருப்புச் சுட்டது உடனே தெரியும், இது தாமதமாகத் தெரிவதற்குக் காரணம் இதுதான்.

ஒரு நோயாளியின் ஆறு வாரம்

கன்னப் புற்றுக்கு அறுவை முடிந்த ஒருவருக்கு 60 கிரே, 30 தவணை எழுதப்படுகிறது என்று கொள்வோம். திங்கள் முதல் வெள்ளி வரை, ஆறு வாரம். முதலில் வெந்நீரில் இளக்கிய வலைத்தகட்டை முகத்தில் படியவைத்து முகமூடி எடுப்பார்கள். இளஞ்சூடு தெரியும், சில நிமிடத்தில் தகடு இறுகிவிடும். மூச்சு விடத் தடையில்லை. சிகிச்சை அறையில் படுத்திருக்கும் பத்துப் பதினைந்து நிமிடத்தில் கதிர் பாய்வது சில நிமிடமே. வலி தெரியாது. வெளியிலிருந்து பாய்ச்சும் கதிர் உடலில் தங்காது, மாலையில் பேரக்குழந்தையை மடியில் வைத்துக்கொள்ளலாம்.

முதல் இரண்டு வாரம் தோலில் ஒன்றும் தெரியாது. மூன்றாம் வாரம் கழுத்து இறுகுவதுபோலவும் அரிப்பாகவும் இருக்கும், கதிர் படும் இடத்தில் தாடி உதிரும். மருத்துவ நூல்கள் இக்கட்டத்தில் ‘சிவப்பு’ என்று எழுதும். நம் நிறத்தில் சிவப்பு எளிதில் தெரியாது, கருமையே தெரியும். ஆகவே செவிலியர் கண்ணால் பார்ப்பதோடு தொட்டு வெப்பத்தையும் இறுக்கத்தையும் அறிய வேண்டும். நான்காம் ஐந்தாம் வாரத்தில் செதில் உதிரும். ஆறாம் வாரத்தில் கழுத்து மடிப்பில் தோல் உரிந்து நீர் கசியக்கூடும். சிகிச்சை முடிந்த பின்னும் ஒன்றிரண்டு வாரம் இது கூடிக்கொண்டே போகும், அதன் பிறகே ஆறத் தொடங்கும். “முடிஞ்ச பிறகும் ஏன் மோசமாகுது?” என்று பதறுகிறவர்கள் பலர். அந்தப் பதற்றத்தில் மருந்துக்கடைக்கோ வைத்தியசாலைக்கோ ஓடித் தைலம் பூசுவதுதான் பெரும்பாலும் புண்ணைக் கெடுக்கிறது.

தோல் பராமரிப்பு

கதிர் பட்ட இடத்தில் தண்ணீரே படக்கூடாது என்பது பழைய விதி. வெதுவெதுப்பான நீரும் மென் சோப்பும் கொண்டு தேய்க்காமல் கழுவுவதால் தீங்கில்லை என்று ஆய்வுகள் காட்டிவிட்டன. வியர்வையில் நனைக்கும் நம் கடலோர வெயிலில் கழுவாமல் இருப்பதே கேடு. கழுவிய பின் பழகி மெலிந்த துவர்த்தால் ஒற்றி எடுக்க வேண்டும். மார்பிலோ இடுப்பிலோ கதிர் வைப்பவர்கள் மையில் போட்ட குறிகளை அழித்துவிடக் கூடாது.

மஞ்சள், சந்தனம், விபூதிப் பற்று ஆகியவற்றை அந்த இடத்தில் தவிர்க்க வேண்டும். எதுவும் தடிப்பாகப் படிந்திருந்தால் கதிரின் உச்ச அளவு தோலை நோக்கி மேலேறிவிடும், சுரண்டி எடுக்கும்போது தோலும் வந்துவிடும். தேங்காயெண்ணெயை அன்றைய தவணை முடிந்த பின் வறண்ட தோலில் மெல்லத் தடவலாம், உரிந்த இடத்தில் கூடாது. கழுத்துச் சங்கிலி, ஜெபமாலை, இறுக்கமான காலர் உரசக் கூடாது, பிளேடு போட்டுச் சிரைக்கக் கூடாது. இடுப்புக்குக் கதிர் வைப்பவர்களுக்குப் பாவாடை நாடாவும் அரைஞாணும் இதே தொல்லை தரும். மருத்துவர் எழுதும் மொமெட்டசோன் களிம்பு தோல் அழற்சியைக் குறைக்கிறது. கற்றாழைச் சாறு அவ்வளவு பயன் தருவதாகத் தெரியவில்லை. நீர் கசியும் இடத்தில் ஒட்டாத கட்டுத்துணி போட வேண்டும். சீழ், நாற்றம், காய்ச்சல் கண்டால் அன்றே சொல்ல வேண்டும்.

இன்று

நெய்யூரில் புற்றுநோய் மையம் இயங்குகிறது. பலர் திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்துக்கும் (1981) செல்கின்றனர். தமிழக முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் கதிர்வீச்சு சிகிச்சை உண்டு.

விளக்கும் முறை

“ஒண்ணும் சுடாது, பயப்படாதீங்க” என்று மட்டும் சொல்லி அனுப்புவது தவறு. மூன்றாம் வாரம் கழுத்து கருக்கும்போது, தன்னிடம் பொய் சொன்னார்கள் என்று நோயாளி நினைப்பார். சிலர் அத்தோடு நின்றுவிடுவார்கள். தலை, கழுத்துப் புற்றில் சிகிச்சை நாள்கள் நீளும் ஒவ்வொரு நாளுக்கும் நோய் கட்டுப்படும் வாய்ப்பு ஒரு விழுக்காடோ சற்று அதிகமோ குறைகிறது, மிஞ்சிய புற்றணுக்கள் அந்த இடைவெளியில் வேகமாகப் பெருகுகின்றன. சூடு இல்லை என்பதையும், மூன்றாம் வாரம் கருக்கும், ஆறாம் வாரம் உரியலாம், முடிந்து ஒரு மாதத்தில் ஆறும் என்பதையும் முதல் நாளே சொல்ல வேண்டும். நாள்காட்டியில் அந்த வாரங்களைக் குறித்துக் கொடுப்பது நல்லது. தோல் எவ்வளவு கருத்தாலும், நிறுத்துவதா தொடர்வதா என்பதை மருத்துவரைக் கேட்காமல் நோயாளி முடிவுசெய்யக் கூடாது.