நீலம் பிரித்த நிலம்

ஒரு நிலக்காட்சிப் படத்தில் வானத்தை மட்டும் எடுத்துவிட்டு, மலையையும் மரங்களையும் பின்னணியே இல்லாமல் நிறுத்தும் வேலை கணினியோடு வந்தது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அது பிறந்தது 1850களின் கண்ணாடித் தகட்டில். அங்கே வானத்தை யாரும் நீக்கவில்லை. அது தானாகவே போனது. போகவிடாமல் பிடித்துவைக்கத்தான் அன்றைய படக்காரர்கள் பாடுபட்டார்கள்.

1851ல் ஆங்கிலேயரான ஃபிரெடரிக் ஸ்காட் ஆர்ச்சர் கொலோடியன் முறையை வெளியிட்டார். கண்ணாடியில் கொலோடியன் கரைசலைப் பூசி, வெள்ளி நைட்ரேட்டில் தோய்த்து, ஈரம் காயும் முன்பே படமெடுத்துக் கழுவிவிட வேண்டும். அந்தத் தகட்டுக்கு நீலமும் ஊதாவும் கண்ணுக்குத் தெரியாத புறஊதாவும்தான் வெளிச்சம். பச்சை மங்கல், சிவப்பு இருட்டு. அதனால் இலையும் மண்ணும் பதியும்வரை மூடியைத் திறந்துவைத்தால், அதற்குள் வானம் அளவுக்குமேல் பதிந்து நெகட்டிவில் கருத்துப்போகும். நெகட்டிவில் கருப்பு என்றால் அச்சில் வெள்ளை. நீல வானமும் வெண்மேகமும் வேறுபாடில்லாமல் ஒரே வெள்ளையாகிவிடும்.

அந்தக் கருப்பும் ஒரே சீராக விழாது. தகட்டில் திட்டும் கறையும் இருக்கும், அச்சில் அவை வானத்து அழுக்காகத் தெரியும். இதற்குப் படக்காரர்கள் கண்ட வழி எளியது. நெகட்டிவை வெளிச்சத்தில் பிடித்து, மலைவிளிம்பை ஒட்டி ஒரு தூரிகையால் வான்பகுதி முழுவதையும் கருமையால் அடைத்துவிட்டார்கள். அச்சிட்டால் நிலம் மட்டும் தாளில் விழும், மேலே வெறும் தாள். இன்று நாம் மாஸ்க் என்று சொல்வதன் முதல் வடிவம் இதுதான் என்பது என் எண்ணம். நிலத்துக்கு மேலே ஒன்றுமில்லாத ஓர் இடம் கிடைத்தது. அந்த இடத்தில் வேறொன்றை வைக்கலாம் என்ற எண்ணமும் கூடவே வந்தது.

வைத்தவர்களில் பெரியவர் பிரெஞ்சுக்காரர் குஸ்தாவ் லெ க்ரே. 1856, 1857 வாக்கில் அவர் எடுத்த கடற்காட்சிகள் சிலவற்றில் கடல் ஒரு நெகட்டிவ், மேகம் இன்னொரு நெகட்டிவ். ஒன்றை அச்சிடும்போது மற்றதன் இடத்தை மறைத்து, இரண்டையும் ஒரே தாளில் இணைத்தார். அவர் கடலைத் தேர்ந்ததில் ஒரு தொழில் நுட்பம் இருக்கிறது. தொடுவானம் ஒரு நேர்கோடு. அதை மறைக்கவும் பொருத்தவும் முடியும். அந்த இடத்தில் ஒரு சவுக்குத்தோப்பு நின்றிருந்தால் எந்தக் கத்தரிக்கும் அது அடங்கியிருக்காது.

நம் ஊர்க்காட்சிகளிலும் இந்தத் தூரிகை ஓடியிருக்கிறது. சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக இருந்த லின்னேயஸ் டிரைப் மதுரையையும் தஞ்சாவூரையும் திருச்சியையும் புதுக்கோட்டையையும் படமெடுத்து, அவை 1858ல் தொகுதிகளாக வந்தன. அவர் பெரும்பாலும் பயன்படுத்தியது மெழுகேற்றிய காகித நெகட்டிவ். வெறுமையாக விழுந்த வானத்தில் அவர் நெகட்டிவின்மேல் வண்ணம் தீட்டி மேகங்களை உண்டாக்கினார். அந்தப் படங்களில் கோபுரத்துக்குப் பின்னால் மிதக்கும் மேகங்களில் சில, மதுரை வானத்தில் இருந்தவை அல்ல, அவர் கையில் பிறந்தவை.

பிறகு சினிமா இந்த வேலையை எடுத்துக்கொண்டது. ஆளின் உருவத்தைக் கரும் நிழலாக ஒரு ஃபிலிமிலும், அதற்கு நேரெதிரான ஓட்டையை இன்னொரு ஃபிலிமிலும் உண்டாக்கி, இரண்டையும் சேர்த்து அச்சிட்டார்கள். 1940ல் வந்த ‘தீஃப் ஆஃப் பாக்தாத்’ படத்தில் லாரி பட்லர் நீலத் திரையைப் பயன்படுத்தினார். 1959ன் ‘பென் ஹர்’ படத்துக்காகப் பெட்ரோ வ்லாஹோஸ் அந்த முறையை மெருகேற்றினார். தோலிலும் மண்ணிலும் இலையிலும் நீலம் குறைவு என்பதே நீலத்தைத் தேர்ந்ததற்குக் காரணம். அப்படிப் பார்த்தால் நிலக்காட்சிக்கு வானமே இயற்கை கட்டிய நீலத் திரை.

ஆனால் நிழலும் ஓட்டையும் ‘உண்டு, இல்லை’ என்ற இரண்டு பதில்களைத்தான் தெளிவாகச் சொல்லும். இலையின் ஓரம் அப்படிப்பட்டதல்ல. கேமராவின் ஒரு பிக்சல் ஒரு சிறு சதுரம். அதன் பாதியில் இலையும் பாதியில் வானமும் விழுந்தால், பதிவது இரண்டும் கலந்த ஒரே நிறம். இந்த ‘பாதி’யை எங்கே எழுதிவைப்பது? விடை 1970களின் கடைசியில் நியூயார்க் இன்ஸ்டிட்யூட் ஆஃப் டெக்னாலஜியில் கிடைத்தது. எட் காட்மல் ஓரங்கள் படிக்கட்டாகத் தெரியாமல் பொருள்களை வரையும் நிரல் ஒன்றில் வேலை செய்துகொண்டிருந்தார். ஒரே பொருளை வேறுவேறு பின்னணிகளில் வைத்துப் பார்க்க, ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து கணக்கிட வேண்டியிருந்தது. அவரும் ஆல்வி ரே ஸ்மித்தும் சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று எண்களோடு, இந்தப் பிக்சலைப் பொருள் எவ்வளவு மூடியிருக்கிறது என்ற நான்காவது எண்ணையும் படத்துக்குள்ளேயே சேமித்தார்கள். அதுதான் ஆல்ஃபா. நினைவகம் பொன்விலை விற்ற காலத்தில் மூன்றில் ஒரு பங்கு கூடுதல் செலவுக்கு அவர்கள் துணிந்தார்கள். 1984ல் தாமஸ் போர்ட்டரும் டாம் டஃப்பும் இதற்கான கணக்கை ஒழுங்குபடுத்தி எழுதினார்கள். இணையத்துக்கு அது 1996ல் பி.என்.ஜி. கோப்பாக வந்தது. முன்பிருந்த ஜிஃப் ஒரு நிறத்தை முழுதாக மறைக்கும் அல்லது விட்டுவிடும், இடைநிலை கிடையாது. பி.என்.ஜி.யில் 256 படிகள்.

இனி ஒரு மரக்கிளையை எடுத்துக்கொண்டு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். வானத்தின் நிறம் சிவப்பு 130, பச்சை 180, நீலம் 240 என்று இருக்கட்டும். இலை 40, 60, 30. இரண்டும் பாதிப் பாதியாக விழுந்த ஓரப் பிக்சல் 85, 120, 135 ஆகும். மூன்று எண்களில் இலைக்கும் வானத்துக்கும் இடைவெளி மிக அதிகம் நீலத்தில்தான், 210. அதனால் நீலத்தை மட்டும் பார்த்தாலே போதும். 240லிருந்து 135ஐக் கழித்தால் 105, அதை 210ஆல் வகுத்தால் 0.5. இலை பாதி மூடியிருக்கிறது என்று நீலமே சொல்லிவிட்டது.

படத்தின் நீலச் சானலைத் தனியே பிரித்துக் கருப்புவெள்ளையாகப் பார்த்தால், ஆர்ச்சரின் தகடு ஏறக்குறைய அப்படியே கண்முன் நிற்கும். இலை கருமை, மண் கருமை, வானம் வெள்ளை, மேகமும் அதே வெள்ளையில் கரைந்திருக்கும். அன்று குறையாக இருந்தது இங்கே நமக்குக் கை கொடுக்கிறது. மேகத்தையும் நீலத்தையும் தனித்தனியே தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை. அந்தச் சானலில் இலையின் அளவைக் கருப்புக்கும் வானத்தின் அளவை வெள்ளைக்கும் இழுத்து, தலைகீழாக்கினால் மாஸ்க் தயார். ஃபோட்டோஷாப்பிலும் கிம்ப்பிலும் இதைக் கையால் செய்யலாம். இமேஜ்மேஜிக்கில் ஒரே கட்டளை. 255ல் 30 என்பது 12 விழுக்காடு, 240 என்பது 94 விழுக்காடு:

```
magick malai.jpg \( +clone -channel B -separate +channel \
  -level 12%,94% -negate \) -alpha off \
  -compose CopyOpacity -composite nilam.png
```

இதோடு வேலை முடிந்தது என்று நினைப்பவர்களின் மரங்களைச் சுற்றித்தான் வெளிர்நீலக் கோடு ஓடும். ஓரப் பிக்சலின் ஆல்ஃபா 0.5 என்று சரியாக வந்தாலும், அதன் நிறம் இன்னும் 85, 120, 135தான். பழைய வானத்தின் பாதி அதற்குள்ளேயே இருக்கிறது. அந்தி வானமாக 250, 150, 60 என்ற நிறத்தை அடியில் வைத்தால் வரவேண்டியது 145, 105, 45. கிடைப்பதோ சுமார் 168, 135, 98, வெளிறிய பழுப்பு. அதனால் பழைய வானத்தைக் கணக்கிலிருந்தும் கழிக்க வேண்டும். நீலம் 135லிருந்து வானத்தின் பங்கான 120ஐக் கழித்தால் 15, அதை 0.5ஆல் வகுத்தால் 30. இலையின் சொந்த நீலம் திரும்பக் கிடைத்துவிட்டது. சிவப்புக்கும் பச்சைக்கும் இதே கணக்குதான். கையால் செய்பவர்கள் வேறு வழியில் போவார்கள். உள்ளிருக்கும் இலைநிறத்தை ஓரம்வரை தூரிகையால் இழுத்து நிரப்பிவிட்டு, அதன்மேல் மாஸ்க்கைப் போடுவார்கள். சரியாக வந்ததா என்று பார்க்க, அடியில் ஒருமுறை கருப்பையும் ஒருமுறை பளிச்சென்ற சிவப்பையும் வையுங்கள். வெளிறிய ஓரம் கருப்பில் தெரியும், நீலம் ஒட்டியிருந்தால் சிவப்பில் தெரியும்.

மூலப்படம் எப்படிப்பட்டது என்பதும் முக்கியம். ஜேபெக் கோப்புகள் பெரும்பாலும் வெளிச்சத்தை முழு நுட்பத்தோடும் நிறத்தைக் குறைத்தும் சேமிக்கின்றன. அகலத்திலும் உயரத்திலும் பாதி என்பது வழக்கம். கண்ணுக்கு அது தெரியாது. ஆனால் நீலச் சானலைத் தனியே பிரித்ததும் கிளைநுனிகள் கட்டம் கட்டமாக உடைந்திருக்கும். கேமராவின் ரா கோப்பு கையிலிருந்தால் அதிலிருந்து தொடங்குவதே நல்லது.

வெள்ளையடித்த சுவர் நீலச் சானலில் வானத்தைப் போலவே வெள்ளையாக நிற்கும். ஏரித் தண்ணீரில் வானமே படுத்திருக்கும். இவை மாஸ்க்கில் ஓட்டையாக விழும். உள்ளே இருப்பவை என்பதால் தூரிகையால் அடைத்துவிடலாம். தொலைவிலிருக்கும் மலைதான் உண்மையான சிக்கல். நமக்கும் அதற்கும் நடுவே மைல்கணக்கில் காற்று நிற்கிறது. வானத்தை நீலமாக்கும் அதே ஒளிச்சிதறல் மலைக்கு முன்னாலும் நடக்கிறது. பசேலென்ற காட்டின் நீலம் 30லிருந்து 190க்கு ஏறிவிடுகிறது. மேலே போட்ட கணக்கை அந்த மலைக்குப் போட்டால் 50ஐ 210ஆல் வகுத்து 0.24 வரும். முக்கால் மலை கண்ணாடியாகிவிட்டது என்று மாஸ்க் சொல்கிறது. மலை அங்கே முழுதாக நிற்கிறது.

மலைமுகட்டுக்குத் தனி அளவு வைத்து, 190ஐக் கருப்புக்கும் 240ஐ வெள்ளைக்கும் இழுக்கலாம். இடைவெளி 210லிருந்து 50ஆகச் சுருங்கியதால் படத்தின் இரைச்சலும் நான்கு மடங்கு பெருகி, முகடு மணல்மணலாகத் தெரியும். தொலைமலையின் விளிம்பு வழவழப்பானது என்பதால் அங்கே நீலத்தை விட்டுவிட்டுக் கையால் கோடு போட்டுப் பிரிப்பதே சுத்தமான வழி. அருகிலிருக்கும் மரங்களுக்கு மட்டும் நீலச் சானல். இரண்டு மாஸ்க்குகளையும் சேர்த்தால் முழு நிலமும் வந்துவிடும்.

அப்படிப் பிரித்த பிறகும் மலைமேல் படிந்த அந்த நீலப் புகைநிறம் அப்படியே இருக்கும். அதைக் கழுவி எடுக்க முயல்பவர்களைப் பார்த்திருக்கிறேன். வேண்டாம் என்றே சொல்வேன். அது நீக்கிய வானத்தின் மிச்சம் அல்ல. மலை எவ்வளவு தொலைவு என்று கண்ணுக்குச் சொல்வது அதுதான். அதை எடுத்துவிட்டால் மலை முன்னால் வந்து தோப்போடு ஒட்டிக்கொள்ளும். அந்தி வானத்தை அடியில் வைப்பதாக இருந்தால், அந்தப் புகையின் நிறத்தை மட்டும் மெல்லச் செம்மை பக்கம் திருப்புங்கள், அளவைக் குறைக்காதீர்கள்.