பிரான்ஸ் விசாவுக்கு இன்சூரன்ஸ்: 2 நாள் குறைந்தாலும் சிக்கல்

மருங்காபுரியில் இருந்து ஒரு அப்பா, பாரீசில் வேலை பார்க்கும் மகனைப் பார்க்கப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஜூன் 10-ந்தேதி போய் இறங்கி, ஜூலை 9-ந்தேதி கிளம்புகிறார். மொத்தம் 30 நாள். ஆனால் டிராவல்ஸ்காரர் 28 நாளுக்கு, 25 ஆயிரம் டாலருக்கு பாலிசி போட்டுக் கொடுத்துவிட்டார். பேப்பர் பளபளன்னு இருக்கும். விசாவுக்கு உதவாது.

பிரான்ஸ், ஜெர்மனி, இத்தாலி உள்பட 29 ஷெங்கன் நாடுகளுக்கும் விதி ஒன்றுதான். காப்பீட்டுத் தொகை குறைந்தது 30 ஆயிரம் யூரோ இருக்க வேண்டும். 25 ஆயிரம் டாலர் அதற்கு எட்டாது. 50 ஆயிரம் டாலர் பாலிசி என்றால் பயமில்லை. தங்கும் 30 நாளும் தேதியில் அடங்க வேண்டும். இங்கே 7-ந்தேதியோடு பாலிசி முடிகிறது, கடைசி 2 நாள் அம்போ!

சான்றிதழில் எல்லா ஷெங்கன் நாடுகளிலும் செல்லும் என்று இருக்கணும். அவசர சிகிச்சை, ஆஸ்பத்திரி செலவு, நோயாளியை ஊருக்கு அனுப்பும் செலவு, இறந்தால் உடலை அனுப்பும் செலவு ஆகியவையும் எழுதியிருக்கணும். நம்மூர் முதலமைச்சர் காப்பீட்டு அட்டையை நீட்டினால் எடுபடாது.

பெயரையும் பாருங்கள். பாஸ்போர்ட்டில் 'முருகேசன் கருப்பையா', பாலிசியில் 'கே.முருகேசன்' என்றால் தலைவலிதான்.

இன்சூரன்ஸ் போதவில்லை என்பதற்கு மறுப்புக் கடிதத்தில் தனிக் கட்டமே உண்டு. அதில் டிக் விழுந்தால், கட்டிய 90 யூரோ விசா கட்டணம் திரும்ப வராது.