கேஷ்

‘ஒளித்து வை’ என்ற பொருளுடைய பிரெஞ்சு வினையிலிருந்து வந்த சொல். (பணத்தைக் குறிக்கும் கேஷ் வேறு.)

நாமக்கல் முட்டை விலையைக் காட்டும் செயலி நான்கு சர்வர்களில் ஓடுவதாக வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றும் விலையைத் தன் நினைவகத்திலேயே ஒளித்து வைத்தால் பதில் உடனே வரும். ஆனால் தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு விலையை மாற்றிய அன்று, பக்கத்தைத் திறக்கத் திறக்கப் பழைய விலையும் புதிய விலையும் மாறிமாறித் தெரியும். பொதுவான ரெடிஸில் வைத்தால் நான்கிலும் ஒரே விலைதான்; கேட்கும்போதெல்லாம் நெட்வொர்க்கைத் தாண்டிப் போய்வர வேண்டும்.

இரண்டையும் சேர்த்து வைப்பவர்கள், விலை மாறியதும் ரெடிஸின் ‘பப்-சப்’ வழியே ‘உன் நகலை அழி’ என்று எல்லா சர்வர்களுக்கும் சொல்லிவிடுவார்கள். அந்த நொடியில் தொடர்பு அறுந்திருந்த சர்வருக்கு அச்செய்தி மறுபடி வராது. அதனால் ஒவ்வொரு நகலுக்கும் 60 விநாடி ஆயுளும் குறித்துவிடுவது வழக்கம்; செய்தி தவறினாலும் பழைய விலை ஏறத்தாழ ஒரு நிமிடம்தான் நிற்கும்.