ஆர்டர் வரம்பு (தானியங்கிப் பங்கு வர்த்தகம்)

பங்குச் சந்தைக்குத் தானாக ஆர்டர் அனுப்பும் நிரல், நிமிடத்துக்கும் நாளுக்கும் எத்தனை அனுப்பலாம் எனத் தனக்குள்ளேயே வைத்துக்கொள்ளும் தடை. தரகு நிறுவனங்களும் வரம்பு வைக்கின்றன. ஆனால் அது அவர்களின் சர்வரைக் காக்க. நம் பணத்தைக் காக்க அது போதாது.

மதுரையில் வீட்டு மடிக்கணினியில் பைத்தான் நிரல் ஓட்டும் ஒருவரை எண்ணிப் பாருங்கள். அவர் வழக்கமாக நாளுக்குப் பத்துப் பன்னிரண்டு ஆர்டர் போடுபவர். ஆர்டர் போய்விட்டது, இணையக் கோளாறால் பதில் மட்டும் வரவில்லை. தோல்வி என நினைத்து நிரல் நொடிக்கொரு முறை மீண்டும் அனுப்பினால், நிமிடத்தில் 60 முறை வாங்கிவிடும். நிமிடத்துக்கு 5 என்ற வரம்பிருந்தால் சேதம் ஐந்தோடு நிற்கும்.

```python
if minute_count >= 5 or day_count >= 40:
    halt()
```

எண்ணிக்கையை அனுப்புவதற்கு முன்பே கூட்ட வேண்டும். பதில் வந்தபின் கூட்டினால் மேற்சொன்ன பிழையில் அது பூஜ்யமாகவே இருக்கும். நாள் கணக்கைக் கோப்பில் எழுத வேண்டும். நினைவகத்தில் மட்டும் இருந்தால், மின்வெட்டுக்குப் பின் நிரல் புதிதாக எண்ணத் தொடங்கும். வரம்பு தொட்டதும் காத்திருந்து தொடரக் கூடாது, நிற்க வேண்டும். கையிருப்பை விற்று வெளியேறச் சில ஆர்டர்களைத் தனியே ஒதுக்குவது அவசியம்.

இத்தகைய தடை இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு: 2012 ஆகஸ்ட் 1 அன்று அமெரிக்காவின் நைட் கேப்பிட்டல் நிறுவனத்தில், 212 வாடிக்கையாளர் ஆர்டர்களுக்காக 45 நிமிடத்தில் 40 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆர்டர்கள் பறந்தன. நட்டம் 46 கோடி டாலர்.