கடை வாங்குமுன் ஐந்தொகையில் பார்க்கவேண்டியவை

பலசரக்குக் கடையொன்றை வாங்கும்போது நாம் முதலில் கேட்பது மாத விற்பனையைத்தான். கொடுக்கவேண்டிய கடன்களுக்குக் காசு வருமா என்பதை ஐந்தொகையில்தான் பார்க்கவேண்டும்.

ஓர் உதாரணம் எடுப்போம். கையிலும் வங்கியிலும் 5,000 யூரோ, வாடிக்கையாளர் தரவேண்டியது 3,000, சரக்கிருப்பு 42,000. ஆக நடைமுறைச் சொத்து 50,000. ஓராண்டுக்குள் கொடுக்கவேண்டிய நடைமுறைப் பொறுப்பு 25,000. முன்னதைப் பின்னதால் வகுத்தால் நடைமுறை விகிதம் 2. வர்த்தக வகுப்பில் நாம் ‘நல்லது’ என்று பாடமாக்கிய அதே 2:1.

இனிச் சரக்கிருப்பைக் கழித்துப் பார்ப்போம். மிச்சம் 8,000, விரைவு விகிதம் 0.32. ஒவ்வொரு யூரோ கடனுக்கும் 32 சதம்தான் இருக்கிறது. இதற்காக உடனே பயப்படத் தேவையில்லை. அரிசியும் மாவும் தினமும் காசுக்கு விற்கும் கடையில் இது 1க்குக் கீழே நிற்பது வழமை. இருப்பது என்ன சரக்கு என்பதே கேள்வி. களஞ்சிய அறையைத் திறந்தால் அதில் 30,000 யூரோ மூன்று வருடப் பழைய சேலைகளாக இருக்கலாம். அவை பாதி விலைக்குத்தான் போகுமென்றால் நடைமுறைச் சொத்து 35,000, விகிதம் 1.4. அந்தப் பாதி விலையும் எப்போது வருமோ!

இன்னொன்று: ஐந்தொகை ஒரு நாளின் கணக்கு. இதே கடைக்காரர் டிசம்பர் 31க்கு முதல்நாள் 3,000 யூரோ கடனை அடைத்தால் நடைமுறை விகிதம் 2.14 ஆகக் கூடும். விரைவு விகிதமோ 0.23 ஆகக் குறையும். விற்பவர் முதலாவதை மட்டும் காட்டினால், இரண்டாவதை நாமே கணக்கிட்டுக்கொள்ளலாம்.