தாய்மாமன் திருமணமும் மஜ்ஜைக் கொடையாளரும்

புதுக்கோட்டை மாவட்டத்தில் அக்காள் மகளைக் கட்டும் வழக்கம் குறைந்திருக்கிறதே தவிர, மறையவில்லை. தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்து சேர்ந்தால் தோன்றும் நோய்களுக்கு இத்தகைய மணம் வாய்ப்பைக் கூட்டுகிறது. எலும்பு மஜ்ஜை சிறுவயதிலேயே வற்றிப்போகும் ஃபான்கோனி இரத்தசோகை பெரும்பாலும் இவ்வாறே வருகிறது. ஆனால் அதே உறவு கொடையாளரையும் வீட்டுக்குள் வைத்திருக்கக்கூடும். உடன்பிறந்தாரை மட்டும் சோதித்துவிட்டு நிறுத்துவது இங்கே போதாது.

கொடையாளர் பொருத்தம் எச்.எல்.ஏ. மரபணுத் தொகுப்புகளைக் கொண்டு பார்க்கப்படுகிறது. ஒவ்வொருவருக்கும் இரண்டு தொகுப்புகள். ஒன்று தாய் வழி, மற்றது தந்தை வழி. அதனால் உடன்பிறந்தவர் முழுமையாகப் பொருந்த நாலில் ஒரு வாய்ப்பு. பெற்றோர் பொதுவாகப் பாதிதான் பொருந்துவார்கள்.

மாமன் 'அ, இ' என்றும் அக்காள் மகள் 'அ, உ' என்றும் வைத்துக்கொள்வோம். இருவருக்கும் இப்படி ஒரு தொகுப்பு பொதுவாக அமைய ஏறக்குறைய பாதி வாய்ப்பு உண்டு. பிள்ளைகள் 'அ, அ', 'அ, உ', 'அ, இ', 'இ, உ' என நால்வகையில் பிறக்கலாம். 'அ, உ' பிள்ளைக்குத் தாயே முழுப் பொருத்தம். 'அ, இ' பிள்ளைக்குத் தந்தை. நோய்மரபணுவைச் சுமந்தாலும் நோயில்லாத பெற்றோர் கொடுக்கலாம்.

'அ, அ' பிள்ளையின் கதை வேறு. தந்தையின் செல்களுக்கு அந்த உடலில் அந்நியமானது எதுவும் கண்ணில் படாது. பிள்ளையின் எதிர்ப்புச் செல்களுக்கோ தந்தையின் 'இ' அந்நியம். ஆகவே ஒட்டுநிராகரிப்புதான் இங்கே முதன்மையான ஆபத்து. ஒரே பொருத்தமின்மை எந்தத் திசையில் நிற்கிறது என்று கேட்காமல் எண்ணிக்கையை மட்டும் பார்ப்பது மாணவர்கள் செய்யும் பிழை.

நிராகரிப்பைத் தடுக்கவே மாற்றுக்கு முந்தைய மருந்துகள். சாதாரண மஜ்ஜைச் செயலிழப்பில் சைக்ளோஃபாஸ்ஃபமைடு உடல் எடைக் கிலோவுக்கு மொத்தம் 200 மி.கி. வரை தருவதுண்டு. ஃபான்கோனி நோயாளியின் செல்கள் டி.என்.ஏ. சிதைவைச் சரிசெய்ய இயலாதவை. அந்த அளவு உயிரையே பறிக்கும். எலியான் குளூக்மன் குழு அதை 20 மி.கி. அளவுக்குக் குறைத்ததுதான் இந்நோயில் மாற்றுச் சிகிச்சையைச் சாத்தியமாக்கியது. எனவே மாற்றுக்கு முன்பே குரோமோசோம் உடைவுச் சோதனை வேண்டும். பொருந்திய உடன்பிறப்புக்கும் அது கட்டாயம்: அவருக்கும் அதே நோய் ஒளிந்திருக்கலாம்.

அடுத்தது, கொடையாளரின் டி செல்கள் நோயாளியைத் தாக்கும் ஒட்டு எதிர் ஏற்பி நோய். உள்ளங்கை, உள்ளங்காலில் தடிப்பு, நீர்த்த பேதி, ஏறும் பிலிரூபின் ஆகியவை அதன் அடையாளங்கள். இரத்தப் புற்றுநோயில் இந்தத் தாக்குதல் எஞ்சிய புற்றுச்செல்களையும் அழிக்கும் என்பதால் சிறிதளவு பொறுத்துக்கொள்ளப்படுகிறது. ஃபான்கோனியில் அந்த ஆதாயம் கிடையாது. பின்னாளில் வாய், தொண்டைப் புற்று வரும் ஆபத்துதான் கூடுகிறது. சைக்ளோஸ்போரின் தடுப்பைத் தளர்த்த இங்கே அவசரம் கூடாது.

1986-இல் மஜ்ஜை மாற்றைத் தொடங்கிய வேலூர் சி.எம்.சி. போன்ற மையத்துக்கு ஒரு குடும்பம் போகும்போது, சென்னையில் 2009-இல் உருவான தாத்ரி போன்ற பதிவகங்களில் தேடுவதற்கு முன்பே தாய், தந்தை, தாய்மாமன், அத்தை வரை எச்.எல்.ஏ. பார்த்துவிடலாம். அதற்குக் கேட்கவேண்டிய முதல் கேள்வி, கணவனும் மனைவியும் என்ன உறவு என்பது.